குவாரி மூடிய பிறகு நிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாரி மூடல் திட்டங்களைப் படித்துப் பார்ப்பதும், மூடிய குழிகளைச் சுற்றி நடந்து குறிப்பெடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. நிலத்துக்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், குவாரி மேலாளர்கள், மாணவர்கள் என யார் வந்தாலும் ஏறக்குறைய இதே ஐயங்களைத்தான் கேட்டார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் கல்குவாரியைப் பற்றியது. உலோகச் சுரங்கம் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. சுரங்கத்துக்கு வாழ்நாள் என்று சொல்கிறார்களே, அது எதிலிருந்து எதுவரை?

பாறை இருக்கிறதா என்று தேடுவதில் தொடங்கி, தோண்டி முடித்த நிலம் ஆள் துணையின்றித் தானாக நிற்கும் வரை. முதலில் தேடல்: நிலவியல் வரைபடம், மேற்பரப்பில் தெரியும் பாறை, பிறகு துளையிட்டு எடுக்கும் மாதிரிகள். அடுத்தது மதிப்பீடு: எவ்வளவு கல் இருக்கிறது, அதன் தரம் என்ன, எடுத்தால் செலவுக்குக் கட்டுமா என்ற கணக்கு. கட்டுமானால் அனுமதி, பாதை, மேல்மண் நீக்கம், கிரஷர் அமைத்தல். அதன்பின் பல ஆண்டுகள் அகழ்வு. கடைசியில் மூடலும், மூடிய பின்னான கண்காணிப்பும்.

வரிசையாகச் சொன்னாலும் நடைமுறையில் இவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தே நடக்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் குவாரியில் ஒரு பக்கம் வெடி வைத்துக்கொண்டிருக்கும்போதே, தோண்டி முடித்த மறுபக்கத்தில் மண் பரப்பிச் செடி வளர்ந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் கடைசி ஆண்டுக்கு ஒத்திப் போட்ட குவாரியை உள்ளே நுழைந்ததுமே அடையாளம் கண்டுவிடலாம்: குழி முழுவதும் ஒரே வயதில், ஒரே நிறத்தில் இருக்கும்.

2. ஆய்வு நடக்கும்போது சும்மா துளைதானே போடுகிறார்கள், அதனால் நிலத்துக்கு என்ன ஆகிவிடும்?

மற்றக் கட்டங்களோடு ஒப்பிட்டால் பாதிப்பு சிறியதுதான். கவனிக்க வேண்டியது துளையை எப்படி விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை. ஆழத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு நீர்த்தாங்கு அடுக்குகளை ஒரு துளை இணைத்துவிடக்கூடும். மேலிருந்து அழுக்கு நீர் நேராக உள்ளே இறங்கவும் அது வழியாகிவிடும். எனவே மாதிரி எடுத்ததும் துளையைச் சிமெண்டுக் குழம்பாலோ, நீரில் ஊதிப் பெருகும் களிமண்ணாலோ அடியிலிருந்து மேல்வரை அடைக்க வேண்டும். வாயில் ஒரு கல்லை வைத்து மூடுவது அடைப்பு ஆகாது.

இந்தக் கட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். நிலம் இன்னும் தொடப்படாமல் இருப்பது இப்போதுதான். சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஊற்றுகளின் ஓட்டத்தையும் குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும், அளந்து பதிய வேண்டும். எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் ஒரு கிணறு வற்றினால் அது குவாரியால் வற்றியதா, மழை பொய்த்ததால் வற்றியதா என்று பிரித்துச் சொல்ல இந்தப் பதிவைத் தவிர வேறு சான்று இருக்காது.

3. குவாரி மூட இன்னும் 20 வருஷம் இருக்கு. மூடும் திட்டத்தை இப்பவே எதுக்குக் கேட்கிறாங்க?

தோண்டி முடித்த நிலத்தை மீட்கும்போது கையில் என்ன பொருள் இருக்கும் என்பதைத் தொடக்க ஆண்டுகளே தீர்மானித்துவிடுகின்றன. மேல்மண்ணை முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுகிறோம். அதை அப்போது சரியாக வைக்காவிட்டால் இருபதாம் ஆண்டில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே மண் கிடைக்காது. கழிவுக் கல்லை எங்கே கொட்டுகிறோம் என்பதும் அப்படித்தான். தவறான இடத்தில் கொட்டிய கல்லை மறுபடி அள்ளி, ஏற்றி, இன்னொரு முறை கொட்டும் செலவே பல குவாரிகளின் மூடல் திட்டத்தைக் காகிதத்தோடு நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது காரணம் பாறைச்சுவர். கடைசி வெடி எந்தக் கோட்டில், எந்தச் சாய்வில் வைக்கப்பட்டதோ அதுவே நிலத்தின் நிரந்தர வடிவம். எல்லை வரை செங்குத்தாகக் கல்லை எடுத்துவிட்டால் பிறகு சாய்வாக்க இடம் மிஞ்சாது. ஆகவே மூடல் திட்டம் இல்லாமல் வெட்டு வரைபடம் போட முடியாது என்பதே என் துணிபு.

4. மேல்மண்ணை ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறோம். அது போதாதா?

எவ்வளவு உயரத்துக்குக் குவித்திருக்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாகக் குவித்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேல்மண் என்பது விதைகளும், வேர்களோடு கூட்டு வாழும் பூஞ்சைகளும், மண்புழுவும், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்களும் மூச்சுவிடும் அடுக்கு. ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு மலைபோல் குவித்தால் உள்ளே காற்று எட்டாது. அந்த உயிர்கள் மடிந்துபோகும். குவியல் 2 மீட்டர் அளவில் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், மேலே புல்லோ பயறு வகைச் செடியோ வளர வேண்டும், வண்டி ஏறக் கூடாது.

சோதிக்க ஒரு எளிய வழி: குவியலின் நடுவில் மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கும் கீழே வெட்டிப் பாருங்கள். பழுப்பாக, கட்டி உதிர்ந்து, மழை பெய்த நிலத்தின் வாசம் வந்தால் மண் உயிரோடு இருக்கிறது. நீலச் சாம்பல் நிறமாகி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்றில்லாமல் கெட்டுவிட்டது. கெட்ட மண்ணையும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் தானாக எதுவும் முளைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

எடுக்கும்போதும் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஈரமாக இருக்கும்போது கனரக இயந்திரம் ஏற்றி மண்ணை இறுக்கிவிடுவது ஒன்று. விதை நிறைந்த மேல் 10 முதல் 15 சென்டிமீட்டரை அடிமண்ணோடு சேர்த்துக் கலந்துவிடுவது மற்றொன்று. எல்லாவற்றிலும் நல்லது, குவிக்கவே செய்யாமல், இன்று நீக்கும் மேல்மண்ணை இன்றே தோண்டி முடித்த பகுதியில் பரப்பிவிடுவது. முதல் பதிலில் சொன்ன, ஒரு பக்கம் வெட்டும்போதே மறுபக்கம் மீட்கும் முறையின் பெரிய லாபம் இதுதான்.

5. தோண்டிய குழியை அதே கல் மண்ணைப் போட்டு மூடிவிட்டால் முடிந்ததே? ஏன் செய்வதில்லை?

கல்குவாரியில் தோண்டியதில் பெரும்பகுதி விற்றுப் போய்விடுகிறது. திரும்பிப் போட அது அங்கே இல்லை. எண்ணில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். சதுர வடிவில் ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். மேல் பரப்பு 4 ஹெக்டேர். சுவர் உள்நோக்கிச் சாய்ந்து வருவதால் தரை 2 ஹெக்டேர். ஆழம் 30 மீட்டர். சராசரிப் பரப்பு 3 ஹெக்டேர் என்று கொண்டால் வெளியே வந்தது சுமார் 9 லட்சம் கனமீட்டர் பாறை. அதில் பத்தில் ஒரு பங்கு விற்க முடியாத கழிவு என்றால் 90,000 கனமீட்டர். உடைந்த கல் இடைவெளிகளோடு கிடப்பதால் அதிக இடம் பிடிக்கும். நூற்றுக்கு 40 கூடுதல் என்று வைத்தால் 1,26,000 கனமீட்டர் ஆகும். அதைத் தரை முழுவதும் பரப்பினால் 6 மீட்டர் சற்றே கூடுதலாக உயரும். 30 மீட்டர்க் குழி 24 மீட்டர்க் குழி ஆகும், அவ்வளவுதான்.

அதே கழிவைச் சிந்தித்துப் போட்டால் கதை மாறுகிறது. தரையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 140 மீட்டர். அடுத்தடுத்த இரண்டு சுவர்களின் அடியில், 280 மீட்டர் நீளத்துக்கு, 2 மீட்டர் கிடைக்கு 1 மீட்டர் ஏற்றம் என்ற சாய்வில் சாய்த்துக் கொட்டினால், தோராயமாக 20 மீட்டர் உயரம் வரை சுவரை மறைக்க 1,12,000 கனமீட்டர் போதும். மீதமுள்ள 14,000 கனமீட்டரைத் தரையில் மேடுபள்ளங்களாகப் பரப்பலாம். இரண்டு பக்கங்களில் மனிதரும் விலங்கும் ஏறி இறங்கக்கூடிய சரிவு கிடைத்துவிடுகிறது. மண்ணும் செடியும் தங்க இடமும் கிடைக்கிறது. தொடக்கத்தில் 4 ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து வைத்த 12,000 கனமீட்டர் மண் இந்தச் சரிவுகளின் மேல் போர்த்துவதற்கு உரியது.

6. நெட்டுக்குத்தான பாறைச்சுவரை அப்படியே விட்டால் என்ன தப்பு?

எல்லாச் சுவரையும் மறைக்க வேண்டியதில்லை. உறுதியான பாறைச்சுவர் பருந்துக்கும் வௌவாலுக்கும் நல்ல இருப்பிடம். சுவர் ஓய்ந்துவிட்டதா என்பதே கேள்வி. அடிவாரத்தில் விழுந்து கிடக்கும் கற்களைப் பாருங்கள். வெடிப்பு முகம் மங்கி, பாசி படர்ந்திருந்தால் அவை விழுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பளிச்சென்ற புது முகத்தோடு கற்கள் கிடந்தால் சுவர் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. மேல் விளிம்பிலிருந்து சில மீட்டர் உள்ளே, விளிம்புக்கு இணையாக நிலத்தில் விரிசல் ஓடினால் அது இன்னும் கெட்ட அறிகுறி. விளிம்போடு ஒரு துண்டு பிரியத் தயாராகிறது என்று பொருள்.

படிப்படியாக வெட்டிய சுவரில் ஒவ்வொரு படியும் மேலிருந்து உதிரும் கல்லைத் தாங்கிக்கொள்ளும். மண் போட்டால் செடிக்கும் இடம் தரும். பிரிட்டனின் பீக் மாவட்டச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் 1980களில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். முடிந்துபோன சுவரைத் திட்டமிட்ட வெடியால் அங்கங்கே சரியவைத்து, அந்த வட்டாரத்தின் இயற்கைப் பள்ளத்தாக்குகளில் காணும் பாறை முகமும் கற்சரிவும் மாறி மாறி வரும் வடிவத்தை உண்டாக்கி, அதன்மேல் அங்குள்ள புல்லையும் செடிகளையும் வளர்த்தார்கள். ஆனால் இதற்கு விளிம்புக்குப் பின்னால் இடம் வேண்டும். 3ஆம் கேள்வியில் சொன்ன எல்லைக்கோடு இங்கே வந்து நிற்கிறது.

7. கழிவுக் கல்லை மேடாகக் கொட்டி மேலே மரம் நட்டுவிட்டால் ஆயிற்றா?

மேட்டின் மேல் என்ன இருக்கிறது என்பதைவிட அடியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் ஊரில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மேடு ஒன்று மழைக்குப் பின் கூழாகி மலைச்சரிவில் இறங்கியது. பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் மூடி 144 உயிர்களைப் பறித்தது. அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஊற்று நீர் கசியும் இடத்தின் மேல் கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்றுகள் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தன. அதைப் படித்தபின் எந்தக் கழிவு மேட்டையும் அடிவாரத்தில் ஈரம் தேடாமல் என்னால் கடக்க முடிவதில்லை.

நீங்களும் அதைத்தான் தேட வேண்டும். வறண்ட காலத்திலும் அடிவாரத்தில் பச்சைப் புல் பட்டை, சேறு, கலங்கலாகக் கசியும் நீர், அடிப்பகுதி வெளியே பிதுங்குதல், உச்சியில் வளைந்த விரிசல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். நுண்தூசியும் களிமண்ணும் மிகுந்த கழிவு, கரட்டுக் கல்லைவிட நீரைப் பிடித்து வைக்கும்; ஆகவே அதைத் தனியே, வடிகாலோடு வைக்க வேண்டும். மர வேர் மேலே ஒன்றிரண்டு மீட்டர் மண்ணைத்தான் பிடிக்கும், மேட்டின் உள்ளே ஏறும் நீரைத் தடுக்காது.

8. குழியில் தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு. குளிக்க, பாய்ச்சப் பயன்படுத்தலாமா?

தெளிவு தூய்மைக்கு அடையாளம் ஆகாது. உயிர் எதுவும் வாழ முடியாத அமில நீரும் தெளிவாகத் தோன்றக்கூடும். கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் பாறையில் இருந்தால், காற்றும் நீரும் பட்டு அது கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் மற்ற உலோகங்களையும் கரைத்து எடுக்கிறது. அமெரிக்காவின் மொண்டானாவில் உள்ள பெர்க்லி செம்புச் சுரங்கக் குழியில் 1982இல் நீரிறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். குழி மெல்ல அமில நீரால் நிரம்பியது. 1995இல் அதில் இறங்கித் தங்கிய பனி வாத்துக் கூட்டத்தில் 342 பறவைகள் செத்துக் கிடந்தன. அகழ்வு முடிந்த பின்னும் அந்த நீரைக் கண்காணித்துச் சுத்திகரிக்கும் வேலை முடியவில்லை.

சுண்ணாம்புக்கல் குழிகளில் இந்த அமிலச் சிக்கல் பொதுவாக எழுவதில்லை, ஏனெனில் சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும். கருங்கல் குழிகளிலும் பெரும்பாலும் தண்ணீர் தாழ்வில்லை. ஆனால் ஆய்வகத்தில் அமிலத் தன்மை, உப்பு, உலோகங்கள், வெடிமருந்திலிருந்து வரும் நைட்ரேட் ஆகியவற்றைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

குளிப்பதற்கு என் பதில் தெளிவாக வேண்டாம் என்பதே. குளத்தைப் போலக் கரை மெல்லத் தாழாது. ஒரு படி முடிந்ததும் பத்து மீட்டர் ஆழம் தொடங்கும். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீர் கீழே சில்லிடும். உடல் விறைத்து, நீந்தத் தெரிந்தவரும் மூழ்குகிறார். ஏறிவரப் பிடி இருக்காது. குழியில் நீர் நிற்கப் போகிறது என்றால் குறைந்தது ஒரு பக்கத்திலாவது, நீர்மட்டத்துக்கு மேலும் கீழும், மெல்லிய சரிவு அமைக்க வேண்டும். 5ஆம் கேள்வியில் சுவரடியில் சாய்த்த கழிவு இதற்கும் உதவும்.

9. வெறும் பாறைத் தரையில் மரம் வளருமா? நடந்த உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. கென்யாவின் மொம்பாசா அருகே பம்பூரியில் சிமெண்ட் ஆலைக்காகப் பவளச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரி அது. நிலத்தடி உப்புநீர் தரைக்குச் சற்றுக் கீழே; மேலே மண்ணே இல்லை; வெயிலில் வெள்ளைத் தரை கொதிக்கும். 1971இல் ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர் அங்கே 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்று மட்டுமே பிழைத்தன. அவற்றில் முன்னோடியாக நின்றது சவுக்கு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் மண்ணில்லாத இடத்திலும் மரம் உணவு பெறுகிறது.

அடுத்த தடையும் வந்தது. சவுக்கின் ஊசி இலைகள் உதிர்ந்து மெத்தைபோல் கிடந்தன. மக்கவில்லை, ஏனெனில் அவற்றின் துவர்ப்புப் பொருள் நுண்ணுயிர்களை நெருங்கவிடவில்லை. அந்தப் பகுதியின் சிவப்புக் கால் மரவட்டை அந்த இலைகளைத் தின்பதை ஹாலர் கவனித்து, மரவட்டைகளைச் சேகரித்துத் தோப்பில் விட்டார். அவை தின்று கழித்தது நுண்ணுயிர்களால் மக்கி மண்ணானது. அந்த மெல்லிய மண்ணில் பிற மரங்கள் வந்தன, பின் பறவைகளும் விலங்குகளும். இன்று அது ஹாலர் பூங்கா என்ற பெயரில் நிற்கிறது.

இதிலிருந்து எல்லா இடத்திலும் சவுக்கு நடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நாடுகளில் அதுவே களையாகப் பரவிவிட்டது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் வேலை செய்த வரிசை: முதலில் பல வகைகளைச் சிறிய அளவில் சோதித்தது, பிறகு இலை மக்குகிறதா என்று குனிந்து பார்த்தது.

10. எதுவும் செய்யாமல் விட்டால் தானாகவே காடு ஆகிவிடாதா?

சில குவாரிகளில் ஆகும். சிலவற்றில் நாம் போய் நல்ல மண்ணையும் உரத்தையும் கொட்டுவதே கெடுதல். இங்கிலாந்தின் பார்னாக் ஊரில் இடைக்காலத்தில் பேராலயங்களுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரி ஒன்று இருக்கிறது. ஒதுக்கிய கற்குவியல்கள் அப்படியே புல் மூடிய மேடுகளாகி, இன்று அரிய காட்டுப் பூக்களுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பூக்கள் அங்கே பிழைத்திருப்பதற்குக் காரணம் மண்ணின் ஏழ்மை. வளமான மண் போட்டிருந்தால் உயரமான புல் முந்திக்கொண்டு அவற்றை அமுக்கியிருக்கும்.

தானாக வளரவிட மூன்று நிபந்தனைகளைப் பார்க்கிறேன். விதை வந்து விழும் தொலைவில் இயற்கைத் தாவரம் இருக்க வேண்டும். சுவரும் மேடும் உறுதியாக இருக்க வேண்டும். தரை இறுகிப் போயிருக்கக் கூடாது. மூன்றாவதை எளிதில் சோதிக்கலாம்: முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் அப்படியே நின்றால், லாரிகள் ஓடி இறுகிய தரை அது. இயந்திரக் கொழுவால் ஆழமாகக் கீறிவிடாமல் அங்கே விதையும் பிழைக்காது, நட்ட கன்றும் பிழைக்காது.

11. பச்சையாகத் தெரிகிறது. மூடல் முடிந்தது என்று கையெழுத்துப் போடலாமா?

நட்ட முதல் ஆண்டின் பச்சை எனக்கு எதையும் சொல்வதில்லை. தண்ணீர் ஊற்றியதால் வந்த பச்சையாக இருக்கலாம். தண்ணீரும் உரமும் நிறுத்திய பின் இரண்டு மூன்று வறண்ட காலங்களைத் தாண்டிய செடிகளையே எண்ணுவேன். நட்ட மரங்களின் அடியில் யாரும் நடாத கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். பெருமழை பெய்த மறுநாள் சரிவில் நடந்து, நீர் அறுத்த வரிகள் கடந்த ஆண்டைவிட ஆழமாகியிருக்கின்றனவா என்று அளப்பேன். கிணற்று நீர்மட்டத்தை 2ஆம் கேள்வியில் சொன்ன பழைய பதிவோடு ஒப்பிடுவேன்.

பிணைத்தொகை இருக்கும் இடங்களில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. குவாரி தொடங்கும் முன்பே மீட்புச் செலவுக்கு ஈடான தொகையை வைப்பாகப் பெற்று, வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகத் திருப்பித் தருவது அந்த முறை. நடத்துபவர் பாதியில் கைவிட்டுப் போனால் அந்தப் பணத்தில் வேலை நடக்கும். முதல் பச்சையைக் கண்டதும் முழுத் தொகையையும் விடுவித்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் சரிவு அறுபடும்போது கேட்க ஆளிருக்காது.

12. எங்க பக்கத்துல ஒரு குவாரி எப்பவோ கைவிடப்பட்டது. மண்ணும் இல்லை, பதிவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

குழிக்குள் இறங்காமல், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, சுற்றி ஒரு முறை நடங்கள். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். விரிசல், புதுக் கற்கள், மழைநீர் எங்கிருந்து குழிக்குள் விழுகிறது, கழிவு மேட்டடியில் ஈரம் ஆகியவற்றை 6, 7ஆம் பதில்களின்படி குறியுங்கள். மேலிருந்து வரும் நீரைச் சிறு வாய்க்கால் வெட்டித் திருப்புவதும், ஆபத்தான விளிம்பில் முள்வேலிச் செடி வளர்ப்பதும் குறைந்த செலவில் முதலில் முடிக்கக்கூடிய வேலைகள். சுவர் உதிர்ந்துகொண்டிருந்தால் பாறைச் சரிவு தெரிந்த பொறியாளர் பார்க்கும் வரை உள்ளே வேலை தொடங்க வேண்டாம்.

பிறகு, ஏற்கெனவே தானாக என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். பாறை வெடிப்பில் நிற்கும் செடி எதுவோ அது அந்த இடத்தின் சோதனையில் தேறிய செடி. அதன் விதையைச் சேகரியுங்கள். மேல்மண் இல்லாத குறைக்குக் கிரஷர் தூசியும் நன்கு மக்கிய தழை எருவும் கலந்து மண் செய்யலாம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பழைய வெண்களிமண் குழியில் எழுந்த ஈடன் திட்டத்துக்கும் சுரங்கக் கழிவோடு மக்கிய தழைக் கழிவைக் கலந்துதான் மண் செய்தார்கள். ஆனால் குழி முழுவதற்கும் செய்ய முயல வேண்டாம். நீர் தங்கும், காற்றடிக்காத ஒரு மூலையில் பத்துக்குப் பத்து மீட்டர் அளவில் சில திட்டுகளை அமையுங்கள். ஒன்றில் கலவை மண், ஒன்றில் கீறிய தரை மட்டும், ஒன்று தொடாமல். இரண்டு வறண்ட காலம் போகட்டும். எந்தத் திட்டில் கன்று தானாக முளைக்கிறதோ, மீதி நிலத்துக்கு அந்த முறையை எடுத்துச் செல்லுங்கள்.